72 மீட்டர் நீளக் கட்டடம்: இரட்டைத் தூணா, கார்பலா, இடைவெளியே வேண்டாமா?

மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டி, மூன்று தளத்தில் 72 மீட்டர் நீளக் கடை வளாகம் ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக 45 மீட்டரைத் தாண்டினாலே, சூட்டில் கட்டடம் நீளவும் சுருங்கவும் இடம் தரும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் விட்டு வடிவமைக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. ஆனால் எந்த வகை ஜாயின்ட், அல்லது ஜாயின்டே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதில்தான் உரிமையாளரும் பொறியாளரும் மோதிக்கொள்கிறார்கள். மூன்று வழிகளையும் இதே கட்டடத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் எவ்வளவு நகர்கிறது என்று தெரிய வேண்டும். மார்கழி விடியலில் மொட்டைமாடி ஸ்லாப் 20 டிகிரிக்கு இறங்கி, கத்திரி வெயிலில் 50 டிகிரிக்கு ஏறுவதாக எடுத்தால் வித்தியாசம் 30 டிகிரி. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.01 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே நீளும், கணக்குக்கு 0.01 என்றே வைப்போம். 72 × 30 × 0.01 = 21.6 மி.மீ. நடுப்பகுதி அசையாமல் நின்றால் இரு முனைகளும் ஆளுக்கு 10.8 மி.மீ. வெளியே தள்ளும். லிஃப்ட் சுவரை ஒரு முனையில் வைத்துவிட்டால் அந்த முனை இறுகி, ஏறக்குறைய முழு 21.6 மி.மீ.யும் மறுமுனைக்குப் போய்விடும். லிஃப்ட் எங்கே வரவேண்டும் என்பதை இந்தக் கணக்குக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வெயில் நேராக வாங்குவது மேல் ஸ்லாப் மட்டும். கீழ்த்தள ஸ்லாப்கள் நிழலில் இருப்பதால் அவ்வளவு நீளாது. அதனால் மேல்மாடியின் கடைசித் தூண்கள்தான் தலை தள்ளப்பட்டு, கால் பிடிக்கப்பட்டு வளைகின்றன. தள்ளல் பாதியானால் வளைவு விசையும் பாதியாகும். அந்தப் பாதியை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

இரட்டைத் தூண் முறையில் கட்டடத்தை நடுவில் இரண்டு 36 மீட்டர் துண்டுகளாக்கி, வெட்டும் இடத்தில் 25 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு தூண் எழுப்புகிறோம். ஒவ்வொரு முனையும் 5.4 மி.மீ. மட்டுமே நகரும். ஃபுட்டிங் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. மண்ணுக்குள் வெப்பம் பெரிதாக மாறாததால் அங்கே பிரிக்க வேண்டியதில்லை. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் தனித்தனி ஃபுட்டிங் போட்டால், ஒன்று இறங்கி ஒன்று நின்று புதுச் சிக்கல் வரும். நில அதிர்வுக்கான இடைவெளியையும் தனியாகக் கணக்கிட்டு, இரண்டில் பெரியதைத்தான் விட வேண்டும். 300 மி.மீ. தூண் இரண்டும் இடைவெளியும் சேர்ந்து 625 மி.மீ. இடம் பிடிக்கும். இரண்டு கடைகளுக்கு நடுவில் வரும் சுவரில் வெட்டை வைத்தால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது.

கார்பல் முறையில் ஒரே தூண்தான். அதிலிருந்து தாங்கு கட்டையாக நீட்டிய கார்பல் மேல் அடுத்த பகுதியின் பீம் சும்மா உட்கார்ந்து வழுக்குகிறது. நம் கோயில் மண்டபங்களில் போதிகை மேல் கல் உத்திரம் உட்காரும் அதே ஏற்பாடு. இடம் மிச்சம், வரைபடத்தில் அழகு. ஆனால் எல்லாமே அந்த வழுக்கலை நம்பித்தான் நிற்கிறது. பீம் 20 டன் எடையோடு உட்காருகிறது என்று எடுங்கள். அடியில் தார் ஷீட் போட்டிருந்தால் சில வருடங்களில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உராய்வு எடையில் பாதி அளவுக்குப் போனால் கார்பலை 10 டன் கிடைமட்டமாக இழுக்கும். டெஃப்லான் தகடும் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் போட்டால் அந்த இழுவை சுமார் 1 டன். சைட்டில் செலவைக் குறைக்கிறேன் என்று கைவைப்பது பெரும்பாலும் இந்தத் தகட்டில்தான். பிறகு கார்பலின் உதடு உடைந்து, தூணை ஒட்டிச் சாய்வாக விரிசல் ஓடும். ஃபால்ஸ் சீலிங் மறைத்திருந்தால் அதை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். பழைய கட்டடத்தோடு புதியதை இணைக்கும் நடைபாலம் போல இரட்டைத் தூணுக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டுமே கார்பலை ஏற்கலாம். கடை வளாகத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது, இடைவெளியே விடாமல் நடுவில் ஒரு மீட்டர் அகலப் பட்டையைக் காலியாக விட்டு, ஆறேழு வாரம் கழித்துக் கான்கிரீட் போடும் முறை. இதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். கான்கிரீட் காயும்போது வரும் சுருக்கத்தில் ஒரு பகுதியை இந்தப் பட்டை தீர்க்கும். ஆனால் பட்டையை அடைத்த நாளிலிருந்து கட்டடம் மறுபடியும் 72 மீட்டர்தான். வருடாவருடம் வரும் வெயில் அசைவை அது ஒரு மி.மீ. கூடக் குறைக்காது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்லாபின் சூட்டைக் குறைக்க வேண்டும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே வெள்ளைக் கூல் டைல் என்று போட்டு 30 டிகிரி வித்தியாசத்தை 15 ஆக்கினால், முனைத் தள்ளல் இரட்டைத் தூண் தரும் அதே 5.4 மி.மீ.க்கு வந்துவிடும். காகிதத்தில் சமம்தான். ஆனால் டைலில் பாசி படிந்து கறுத்தால் சூடு திரும்பும். மொட்டைமாடியில் செய்யும் ஒரு பராமரிப்பு வேலையை நம்பித் தூண்களை விடுவது 72 மீட்டருக்குச் சரியல்ல. 50, 55 மீட்டர் கட்டடம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், வெப்ப அசைவைத் தாங்கக் கூடுதல் கம்பியோடு. மொட்டைமாடியில் வெட்டு இல்லை என்றால் அங்கே ஒழுகலும் இல்லை.

ஆக இங்கே இரட்டைத் தூண். அது தோற்பது கணக்கில் அல்ல, அடைப்பில். ஜாயின்ட் 10.8 மி.மீ. மூடித் திறக்கும். ஸ்லாப் 35 டிகிரியில் இருக்கும்போது, இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற சீலண்டை அடித்தால், அந்த அசைவு இருபக்கமும் 5.4 ஆகப் பிரியும். 25 மி.மீ.யில் அது 22 சதவீதம். 25 சதவீத அசைவு தாங்கும் சீலண்டுக்கு மயிரிழையில் போதும். அதே சீலண்டை மே மாத மதியம் அடித்தால் மொத்த 10.8 மி.மீ.யும் இழுப்பாகவே வரும், அதாவது 43 சதவீதம். அடுத்த மார்கழிக்குள் பிய்ந்துவிடும். மிதமான முற்பகலில், ஸ்லாபின் மேலும் கீழும் சூட்டைப் பார்த்து அடிக்க வேண்டும். அல்லது 50 சதவீதம் தாங்கும் சிலிக்கான் வாங்க வேண்டும். அடியில் 32 மி.மீ. பேக்கர் ராட் என்னும் நுரைக் கயிற்றைத் திணித்து, அதன் மேல் 12 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் சீலண்ட் இருக்கட்டும். ராடு இல்லாமல் ஆழமாக நிரப்பினால் அடியிலும் ஒட்டிக்கொண்டு, நீள வழியில்லாமல் கிழியும்.

மாடியில் சீலண்டை மட்டும் நம்பக் கூடாது. இரு ஓரமும் 150 மி.மீ. உயரக் கட்டை எழுப்பி, மேலே அலுமினியத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருகி மூட வேண்டும். இரண்டு பக்கமும் திருகினால் தகடு முதல் கோடையிலேயே நெளியும்.

சென்டரிங் பிரித்ததும் இடைவெளிக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கீழ்வரை துழாவிப் பாருங்கள். இடைவெளிக்காக வைத்த தெர்மாகோல் நகர்ந்து வழிந்த கான்கிரீட், செங்கல் துண்டு, கொத்தனார் விட்ட கலவை என ஏதாவது ஓர் இடத்தில் பிடித்திருந்தால் அந்த இடத்தில்தான் விரிசல் வரும். பிறகு கைப்பிடிச் சுவர், பூச்சு, தரை டைல், குழாய் என ஒவ்வொன்றும் அதே கோட்டில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று தளம் தளமாகப் பாருங்கள். பூச்சு வேலைக்காரர் கோட்டை மூடிப் பூசிவிடுவது வழக்கம்; பூச்சு அதே இடத்தில் கோணல்மாணலாகப் பிளக்கும்.

வேலை செய்கிறதா என்று அறிய, இடைவெளியின் இருபுறமும் ஆணி அடித்து, காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுத்தூரத்தை வெர்னியரில் அளந்தால் போதும். வெயில் நாளில் எண் மாறவே இல்லை என்றால் உள்ளே எங்கோ பிடித்திருக்கிறது. மேல்மாடிக் கடைசி அறைகளில் ஸ்லாபுக்குக் கீழே கிடைக்கோடாகவும், ஜன்னல் மூலையில் சாய்வாகவும் விரிசல் வந்து, கீழ்த்தளம் சுத்தமாக இருந்தால் அது வெயில் அசைவு. தரைத்தளத்திலிருந்தே விரிசல் தொடங்கினால் ஜாயின்டை விட்டுவிட்டு ஃபுட்டிங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.