பிரீமியம் ஏறுகிறது: கட்டுவதா, குறைப்பதா, மாறுவதா?

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் என்னிடம் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்கு இந்த ஆண்டு புதுப்பிப்புத் தொகை கூடியிருக்கிறது. ஏன் கூடியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் விலை போடுவார்கள். கணவருக்கு 56 ஆகி அடுத்த வயதுப் பிரிவுக்குப் போனால் மொத்தத் தொகையும் ஏறும். அதோடு மருத்துவமனைச் செலவுகள் கூடியதால் கம்பெனியும் விலைப்பட்டியலை மாற்றியிருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு: 10 லட்சம் பாலிசி, போன தடவை 30,000, ஜிஎஸ்டி 5,400, ஆக 35,400. இப்போது 37,500. 2,100 தானே கூடியது என்று தோன்றும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால்தான் அப்படித் தெரிகிறது. உண்மையில் பிரீமியம் 7,500 ஏறியிருக்கிறது. என் கமிஷனும் அந்தப் பிரீமியத்தில் ஒரு பங்குதான், அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மலிவாகத் தெரிவது 20 சதவீத கோ-பே. பிரீமியம் சில ஆயிரம் குறையும். ஆனால் மதுரையில் இதய சிகிச்சைக்கு 4 லட்சம் பில் வந்தால் 80,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அந்தப் பணம் வங்கியில் கிடப்பவருக்குச் சரி. தொழிலுக்கே கடன் வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, அடிப்படைத் தொகையை 5 லட்சமாகக் குறைத்து, அதற்கு மேல் வரும் செலவுக்கு ஒரு சூப்பர் டாப்-அப் எடுப்பது. பல நேரம் இரண்டும் சேர்ந்தே 10 லட்சம் பாலிசியைவிடக் குறைவாக வரும். சிக்கல் என்னவென்றால், டாப்-அப் புது பாலிசி. ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு அதில் 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். அதுவரை அந்த நோய்களுக்கு உங்களிடம் இருப்பது வெறும் 5 லட்சம். வீட்டில் யாருக்கும் நோய் இல்லையென்றால் இதுதான் என் முதல் தேர்வு.

சுகர் இருக்கிறவர்கள் முழுத் தொகையைக் கட்டித் தொடருங்கள், அல்லது வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்து பாருங்கள். இதுவரை காத்திருந்த காலம் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். ஆனால் புது கம்பெனி மறுக்கவும் உரிமை உண்டு. அதனால் அங்கிருந்து சம்மதம் வரும்வரை பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் மதுரை மருத்துவமனை அவர்களின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் விண்ணப்பத்தைப் புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்பே கொடுப்பது நல்லது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்த வாரமே கூப்பிடுங்கள், மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.