சமத் தொகையா, ஏறுமுகத் தொகையா: ஒரே 84 லட்சத்துக்கு இரண்டு ஒப்பந்தங்கள்

ஒரு கடன் நிறுவனம் ஆவணச் சரிபார்ப்புச் சேவை வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் விலை, ஒரு சரிபார்ப்புக்கு 1 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 84 லட்ச ரூபாய் கட்டுவதாக உறுதி கொடுத்தால் தள்ளுபடி உண்டு. கையில் இரண்டு கொட்டேஷன்கள்.

முதலாவது சமத் தொகை: ஆண்டுக்கு 28 லட்சம், விலை 70 பைசா, அதாவது ஆண்டுக்கு 40 லட்சம் சரிபார்ப்புகள். அதைத் தாண்டினால் பட்டியல் விலை. இரண்டாவது ஏறுமுகம்: 18, 27, 39 லட்சம், விலை 75 பைசா. தாண்டினாலும் அதே 75 பைசாதான்.

70 பைசாவைப் பார்த்ததும் கை முதலாவதை நோக்கித்தான் போகும். ஆனால் தேவை 22, 36, 50 லட்சம் சரிபார்ப்புகள் என்று வளர்ந்தால் என்ன ஆகும்? சமத் தொகையில் முதல் ஆண்டில் 18 லட்சம் சரிபார்ப்புகள் வீணாகக் காலாவதியாகும். மூன்றாம் ஆண்டில் 10 லட்சம் பற்றாது, அதற்குத் தனியாக 10 லட்ச ரூபாய். மொத்தம் 94. ஏறுமுகத்தில் 24, 36, 52 லட்சம் கிடைப்பதால் 84-உடன் முடிந்துவிடும்.

சரி, மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சமத் தொகைக்காரர் ஒத்துக்கொண்டால்? அங்கேயும் ஒரு வரியைப் பார்க்க வேண்டும். பழைய மீதி முதலில் கழியும் என்றால் மூன்றாம் ஆண்டில் 62 லட்சம் கையில் இருக்கும், கூடுதல் கட்டணமே வராது. புதியது முதலில் கழிந்து, பழையது ஓராண்டில் காலாவதியாகும் என்றால், 44 லட்சம்தான் மிஞ்சும். 6 லட்ச ரூபாய் அதிகம் கட்ட வேண்டும்.

அப்புறம், கணக்கை எந்த இடைவெளியில் பார்க்கிறார்கள் என்பது. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில், உறுதி கொடுத்துத் தள்ளுபடி பெறும் சேவிங்ஸ் பிளானில் உறுதித்தொகையே மணிக்கணக்கில்தான். இரவில் பயன்படுத்தாதது பகலுக்கு உதவாது. நம் ஒப்பந்தத்திலும் மாதக் கணக்கு என்று எழுதியிருந்தால், தீபாவளி மாதக் கூட்டத்துக்குக் கூடுதல் கட்டணம் விழும், ஆண்டு மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும்கூட. ஆண்டு முடிவில் ஒரே கணக்கு என்று மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஏறுமுகத்தின் ஆபத்து வளர்ச்சி நின்றுபோகும்போது தெரியும். மூன்றாம் ஆண்டிலும் தேவை 36 லட்சத்திலேயே நின்றால், 27 லட்ச ரூபாய் வேலைக்கு 39 கட்ட வேண்டும். மூன்றாண்டு மொத்தம் இரண்டிலும் 84-தான். ஆனால் புதுப்பிக்கும்போது விற்பவர் கடைசி ஆண்டின் 39-ஐ வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார். சமத் தொகையில் அது 28.

வளர்ச்சி ஓரளவு உறுதி என்றால் நான் ஏறுமுகத்தையே எடுப்பேன். முதல் ஆண்டில் கையில் நிற்கும் 10 லட்சமும் சின்னத் தொகை அல்ல. ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு நிபந்தனை சேர்ப்பேன்: இரண்டாம் ஆண்டுப் பயன்பாடு 30 லட்சம் சரிபார்ப்புகளைத் தொடாவிட்டால், மூன்றாம் ஆண்டுத் தொகை 27 லட்சத்திலேயே நிற்க வேண்டும்.