கூட்டு அறிக்கையில் ஒருவர் நகலெடுத்தால், முதல் சந்தேகம் தொகுத்தவர்மேல் விழும்

நான்கு பேர் சேர்ந்து ஒப்படைத்த எங்கள் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையில் ஓர் அத்தியாயம் நகல் என்று கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை எழுதிக் கொடுத்தவரைவிட முன்னதாக விசாரணைக்கு அழைக்கப்பட்டவன் நான். அந்த அத்தியாயத்தில் ஒரு பத்திகூட நான் எழுதியதில்லை; எல்லோருடைய பகுதிகளையும் ஒரே கோப்பாகத் தொகுத்தேன், அவ்வளவுதான். அடுத்து இதே வேலையை ஏற்கப்போகிறவர்களுக்காக, நான் எங்கே தவறினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் எங்கள் குழுவில் ஒரு நண்பரின் பொறுப்பு. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, இரவில், அவர் அதை ஒரு வேர்ட் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினார். நான் அதை முழுவதுமாக நகலெடுத்து எங்கள் பொதுவான கூகுள் டாக்ஸ் ஆவணத்தில் ஒட்டினேன். நடை மற்ற அத்தியாயங்களோடு ஒட்டவில்லை என்று தோன்றியதால், ஆங்காங்கே சொற்களை மாற்றி, நீண்ட வாக்கியங்களைப் பிரித்து, மேற்கோள் எண்களையும் வரிசைப்படுத்தினேன். நல்ல தொகுப்பாளர் செய்யும் வேலை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தோடு, எங்கள் எழுத்தை மென்பொருள் மற்ற மூலங்களோடு ஒப்பிட்டு ஒத்த வரிகளை வண்ணமிட்டுக் காட்டும் ஒப்புமை அறிக்கையும் இருந்தது. மொத்த ஒப்புமை 34 சதவீதம். அதில் 21 சதவீதம் வேறொரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்த ஒரே ஆய்வேட்டிலிருந்து வந்தது. மொத்த எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை, ஏனெனில் நூற்பட்டியல், மேற்கோள்கள், எல்லோரும் எழுதும் வழக்கமான சொற்றொடர்கள் ஆகியவையும் அந்த எண்ணில் சேரக்கூடும். பல மூலங்களிலிருந்து துண்டுதுண்டாகச் சேர்ந்த ஒப்புமையும் ஒரே மூலத்திலிருந்து பக்கம் பக்கமாக வரும் ஒப்புமையும் ஒன்றல்ல. தேர்வாளர் பார்ப்பது இரண்டாவதைத்தான். எனக்கு வினையானது வேறொன்று. வண்ணமிடப்பட்ட நீண்ட வரிகளுக்கு நடுவே, வாக்கியத்துக்கு ஒரு சொல் வீதம் வண்ணமில்லாமல் நின்றது. நகலை மறைப்பதற்காகச் சொல் மாற்றியவர் செய்யும் வேலையும் அப்படித்தான் தோன்றும். அந்தச் சொற்கள் அத்தனையும் நான் மாற்றியவை.

அடுத்ததாக ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைக் கேட்டார்கள். File > Version history > See version history என்ற வழியில் போனால், யார் எப்போது எதைச் சேர்த்தார் என்பது அவரவர் வண்ணத்தில் தெரியும். அங்கே, இரவு 11.40 மணிக்கு, என் பெயரில், ஏறத்தாழ 1,400 சொற்கள் ஒரே மொத்தமாக வந்து விழுந்திருந்தன. ஒட்டியவர் யார் என்பதை மட்டுமே அந்த வரலாறு சொல்லும். எழுதியவர் யார் என்பதை அது அறியாது. தொகுப்பாளரின் கணக்கிலிருந்து எல்லாம் ஒட்டப்படும்போது, எல்லோருடைய பழியும் அவருடைய பெயரில் பதிவாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, அவரவர் பகுதியை அவரவரே தம் கணக்கிலிருந்து ஆவணத்தில் சேர்ப்பதுதான். இறுதித் தொகுப்புக்காக ஆவணத்தை Make a copy மூலம் பிரதி எடுத்தால் பழைய வரலாறு புதிய பிரதிக்கு வராது என்பதால், முதல் ஆவணத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சிறு திருத்தங்கள் நாளடைவில் ஒன்றாக இணைக்கப்படலாம் என்பதால், ஒவ்வொரு பகுதியும் வந்து சேர்ந்தவுடன் அந்தப் பதிப்புக்கு ஒரு பெயரிட்டு வைப்பதும் நல்லது.

என்னைக் காப்பாற்றியது அந்த மின்னஞ்சல். திரைப்பிடிப்பைக் காட்டாமல், அஞ்சலையே இணைப்போடு விசாரணைக் குழுவுக்கு முன்னனுப்பினேன். அனுப்பியவர், தேதி, நேரம் எல்லாம் அதிலேயே இருந்தன. இணைப்பைத் திறந்தபோது, அன்றிரவே கவனித்திருக்க வேண்டிய ஒன்று தெரிந்தது. அவருடைய கோப்பில் பல வரிகள் வாக்கியத்தின் நடுவிலேயே முறிந்து அடுத்த வரிக்குப் போயின. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் விழும். நான் அதை வடிவமைப்புக் கோளாறு என்று எண்ணி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து நீக்கியிருந்தேன். ஆதாரத்தை என் கையாலேயே துடைத்திருக்கிறேன். அத்தியாயத்துக்குள் 17 நூல்கள் சுட்டப்பட்டிருந்தன, அவர் தந்த பட்டியலிலோ 9 மட்டுமே இருந்தன. அந்தப் பட்டியலில் இரண்டு இணையதளங்களைப் பார்த்ததாகக் குறித்திருந்த தேதி, எங்கள் திட்டமே தொடங்குவதற்கு முந்தைய ஆண்டாக இருந்தது. ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளும்போது இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஐயம் வந்தால், சற்று வித்தியாசமான ஒரு வாக்கியத்தை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பார்க்கலாம். ஆனால் களஞ்சியங்களில் உள்ள எல்லா ஆய்வேடுகளும் தேடுபொறியில் அகப்படாது, ஆகையால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தூய்மைக்குச் சான்றாகாது.

ஒப்படைப்பதற்கு முன்பே நகல் என்று தெரிந்துவிட்டால், வாய்ப்பேச்சோடு விடக் கூடாது. எந்தப் பத்தி எந்த மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, எப்போதைக்குள் மாற்றி எழுதித் தர வேண்டும் என்று அந்த உறுப்பினருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர் மறுத்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, ஏன் விடப்பட்டது என்பதை வழிகாட்டி ஆசிரியருக்குத் தெரிவித்து ஒப்படைப்பதே பாதுகாப்பு. சில மதிப்பெண்கள் போகும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டு அறிக்கையின் முகப்பில் எல்லோரும் கையெழுத்திடும் உறுதிமொழி பெரும்பாலும் அறிக்கை முழுவதையும் பற்றியது; தெரிந்தும் பேசாமல் இருந்தவரையும் பொறுப்பாளியாகக் கருதும் விதிகள் பல நிறுவனங்களில் உண்டு. உங்கள் நிறுவனத்தின் விதி கூட்டுப் பணியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

கடிதம் வந்த பிறகு எங்கள் குழு ஏறக்குறைய இன்னொரு தவறும் செய்திருக்கும். அந்த நண்பர் எங்களை அழைத்து, "மேற்கோள் காட்ட மறந்துவிட்டோம் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடலாம்டா" என்றார். இரக்கத்தால் ஒருவர் சம்மதிக்கவும் செய்தார். ஒரே வாசகத்தில் நான்கு விளக்கங்கள் போயிருந்தால், தனியொருவர் செய்த நகல், கூடிச் செய்த ஏமாற்றாக மாறியிருக்கும். நாங்கள் மூவரும் தனித்தனியாக, தான் எழுதிய பகுதி எது, மற்றதை எப்போது எந்த வடிவில் பார்த்தோம் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தோம். நண்பரின் நோக்கத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை, அது எங்களுக்குத் தெரியாது. என் விளக்கத்தில், சொற்களை மாற்றியவன் நானே என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பொது ஆவணத்தை ஒருவரும் தொடவில்லை. கடிதத்துக்குப் பிந்தைய தேதியில் ஒரு திருத்தம் இருந்தாலும் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

ஆறு வாரம் மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த அத்தியாயத்துக்கான மதிப்பெண் நால்வருக்கும் பூச்சியம் ஆனது, ஒழுங்கு நடவடிக்கை நண்பர்மேல் மட்டும் எடுக்கப்பட்டது. எனக்குச் சரிபார்க்காமல் தொகுத்ததற்காக எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. குழு அரட்டையில் அந்த அத்தியாயத்தின் கீழே "படித்துவிட்டேன், நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்த மற்றொருவரிடம், உண்மையிலேயே படித்தீர்களா என்று கேட்டார்கள். படிக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.