‘தினம் இருபதாயிரம் ஓடும் கடை’ என்று நம்பி 4,75,000 ரூபாய் கொடுத்தேன்: கொள்முதல் பில்லை மட்டும் பார்த்து மளிகைக் கடை வாங்காதீர்கள்

மதுரையில் குடியிருப்புகள் நிறைந்த ஒரு பகுதியில், ஓடிக்கொண்டிருந்த மளிகைக் கடை ஒன்றைக் கடந்த ஏப்ரல் 1 ஆம் தேதி எடுத்தேன். சரக்குக்கும் கட்டட அட்வான்ஸுக்கும் கொடுத்த பணம் தனி. குட்வில் என்று மட்டும் 4,75,000 ரூபாய் கொடுத்தேன். தினசரி விற்பனை 20,000 ரூபாய் என்ற ஒரே வார்த்தைக்குக் கொடுத்த பணம் அது. அந்த வார்த்தை பொய் என்பதை இப்போது அவர்களுடைய பில்களை வைத்தே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் செய்திருக்க வேண்டிய கணக்கு அது.

ஓடும் கடைகளை விற்பதற்கென்றே நடத்தப்படும் ஓர் இணையத்தளத்தில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். தளத்தின் பெயரையும் புரோக்கரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. மார்ச் 4 ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். கடைக்காரர் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாப் பெட்டியை என் முன்னால் தள்ளி, “நான் எண்ணினா நம்ப மாட்டீங்க தம்பி, நீங்களே எண்ணுங்க” என்றார். எண்ணினேன். ஃபோனில் வந்திருந்த தொகையும் சேர்த்து 23,400 ரூபாய் இருந்தது. பத்து ரூபாய்த் தாள்களை அவர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழக்கத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் போய்விட்டது. சம்பளம் வந்த வாரத்தில், மாத மளிகைப் பட்டியலோடு எல்லா வீட்டாரும் வரும் நாளில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. அதே கடையில் 22 ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள் 9,000 ரூபாயைத் தாண்டுவதே பெரிய விஷயம் என்பதை ஏப்ரலில் தெரிந்துகொண்டேன்.

மார்ச் கடைசியில் பில் கோப்பு ஒன்றையும் காட்டினார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதங்களுக்கான மொத்தக் கடை பில்கள் அதில் இருந்தன. கூட்டினால் 15,60,000 ரூபாய். புரோக்கர் கால்குலேட்டரை எடுத்து, அதன் மேல் 15 சதவீதம் லாபம் போட்டு 17,94,000 ஆக்கி, 90 நாளால் வகுத்து, 19,933 என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கல்லாவில் பார்த்ததும் பில் சொல்வதும் ஒத்துப்போகிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பின் விலைதான் 4,75,000 ரூபாய்.

முதல் மாதம் முழுவதும் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்தேன். சராசரி 12,400 ரூபாய்தான் வந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தபோது, “கடைன்னா உட்காரத் தெரியணும் தம்பி, நான் உட்கார்ந்தா இன்னிக்கும் இருபது ஓடும்” என்றார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. புரோக்கர், “நான் அறிமுகம் செஞ்சு வெச்சவன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத் தன் கமிஷனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். விளம்பரத்தில் உள்ள தகவலுக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு என்ற ஒரே வாசகத்தை மூன்று முறையும் அனுப்பிப் புகாரை மூடினார்கள். வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, விற்பனைத் தொகை பற்றி ஒரு வரிகூட இதில் இல்லையே என்று கேட்டார்.

பரண் மேல் இருந்த அந்தக் கோப்பை இறக்கி, மே மாதத் தொடக்கத்தில் இரண்டு இரவு உட்கார்ந்தேன். வாங்கிய சரக்கெல்லாம் விற்ற சரக்கு ஆகாது என்பதுதான் புரோக்கர் போட்ட கணக்கின் முதல் ஓட்டை. காலத்தின் தொடக்கத்தில் கடையில் இருந்த சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, கடைசியில் மீதி இருந்த சரக்கைக் கழித்தால்தான், வெளியே போன சரக்கு எவ்வளவு என்பது வாங்கிய விலையில் தெரியும். கடைசிச் சரக்கின் மதிப்பு எனக்குத் தெரியும். கைமாறும் முன் இரண்டு இரவு எண்ணி 5,30,000 ரூபாய் கொடுத்து எடுத்தவனே நான்தான். தொடக்கச் சரக்குக்கு வழி இல்லை என்று நினைத்திருந்தபோது, கோப்பின் அடியில் வங்கிக் கடனுக்காக மாதந்தோறும் அவர் கொடுத்துவந்த சரக்கு இருப்பு அறிக்கையின் நகல் ஒன்று கிடைத்தது. டிசம்பர் 31 அன்று 3,10,000 ரூபாய் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆக, மூன்று மாதத்தில் சரக்கு 2,20,000 ரூபாய் கூடியிருக்கிறது. ஓடும் கடையில் பொங்கல் முடிந்ததும் சரக்கு இறங்க வேண்டுமே தவிர ஏறக் கூடாது. கொள்முதல் பில்லைப் பெரிதாகக் காட்டுவதற்காக அடுக்கிய சரக்கு அது. அதற்கும் சேர்த்து என்னிடமே பணம் வாங்கியிருக்கிறார்கள். இந்த ஒரு கழிப்பிலேயே 15,60,000 என்பது 13,40,000 ஆகிவிட்டது. (வங்கிக்குக் கொடுக்கும் இருப்பைக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு, அப்படிச் சொல்லியிருந்தால் உண்மையான தொடக்கச் சரக்கு இன்னும் குறைவு, விற்பனையும் இன்னும் குறைவு. அந்தப் பிழை எனக்குச் சாதகமான பிழை அல்ல.)

அப்படியும் விற்பனை அதிகமாகத்தான் தெரிந்தது. அதனால் பணத்தை விட்டுவிட்டு மூட்டையை எண்ணத் தொடங்கினேன். பில்களில் 26 கிலோ அரிசி மூட்டை மொத்தம் 285 இருந்தது. டிசம்பர் 31 இருப்பைவிட நான் எடுத்த சரக்கில் 12 மூட்டை கூடியிருந்ததைக் கழித்தாலும் மாதம் 91 மூட்டை விற்றிருக்க வேண்டும். நான் ஏப்ரலில் விற்றதோ 41. உட்காரத் தெரியாததால் சோப்பு விற்பனை குறையலாம். பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரே மாதத்தில் பாதிச் சோறா சாப்பிடுவார்கள்? பில்களை ஒவ்வொன்றாகத் திருப்பியபோது, சிலவற்றின் பின்பக்கம் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வேறொருவருடையதாக இருந்தது. அடுத்த முறை மூட்டை இறக்க வந்த சுமைக்காரரிடம் கேட்டேன். “இங்க பாதிதாண்ணே இறக்குவோம், மீதி அவரு மச்சான் கடையில” என்றார், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பது போல. அந்தக் கையெழுத்து இருந்த பில்களைத் தனியே எடுத்தேன். 150 மூட்டை அரிசியும் 45 டின் எண்ணெயும் சேர்ந்து 3,05,000 ரூபாய். மீதி 135 மூட்டையில் கூடியிருந்த 12 போக 123. மாதத்துக்குச் சரியாக 41.

வீட்டுக்கு எடுத்தது, பூச்சி பிடித்தது, தேதி முடிந்து கம்பெனி திருப்பி எடுக்காதது ஆகியவற்றுக்கு 25,000 ரூபாய் கழித்தேன். இது மட்டும் என் ஊகம். என் கடையில் ஒரு மாதம் வீணானதைப் பார்த்துப் போட்ட தொகை. விற்றுப் போன சரக்கு, வாங்கிய விலையில், 10,10,000 ரூபாய் என்று நின்றது.

லாப விகிதத்தில்தான் பலரும் வழுக்குவார்கள்; நானும் வழுக்கினேன். எல்லாச் சரக்குக்கும் 15 சதவீதம் என்பது எந்த மளிகைக் கடையிலும் கிடையாது. பில் விலையையும் நான் உண்மையில் விற்கும் விலையையும் முப்பது பொருளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பாக்கெட்டில் அச்சிட்ட விலையை எடுக்கக் கூடாது, ஏனென்றால் எண்ணெயை யாரும் அந்த விலைக்கு விற்பதில்லை. அரிசி, எண்ணெய், சர்க்கரையில் விற்கும் நூறு ரூபாய்க்கு 7 ரூபாய் நிற்கிறது. சோப்பு, பிஸ்கட் போன்ற கம்பெனிச் சரக்கில் 12. பிரித்துப் பொட்டலம் போடும் பருப்பு, மசாலாவில் எடைக் கழிவு போக 20. இவை விற்பனை விலையின் மீது சொல்லும் விகிதங்கள் என்பதால் வாங்கிய விலையோடு கூட்டக் கூடாது. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் விற்பனையில் 20 சதவீதம், வாங்கிய விலையில் 25 சதவீதம். ஆகவே வாங்கிய விலையை 0.80 ஆல் வகுத்தால்தான் விற்பனை வரும்.

அப்படி அரிசி, எண்ணெய், சர்க்கரையின் 5,60,000 ரூபாயை 0.93 ஆல் வகுத்தால் 6,02,000. கம்பெனிச் சரக்கின் 3,00,000 ரூபாயை 0.88 ஆல் வகுத்தால் 3,41,000. பருப்பு, மசாலாவின் 1,50,000 ரூபாயை 0.80 ஆல் வகுத்தால் 1,87,500. மூன்றும் சேர்ந்து 11,30,500 ரூபாய். 90 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 12,561 ரூபாய். நான் எழுதி வைத்த சராசரி 12,400. பொங்கல் விற்பனை அந்த மூன்று மாதத்துக்குள் வருவதால் அவர்கள் கணக்கு சற்றுக் கூடுதலாக இருப்பதும் இயல்புதான். எனக்குக் கடையில் உட்காரத் தெரியாமல் போகவில்லை. அந்தக் கடை அந்த மூன்று மாதத்தில் சராசரியாக இருபதாயிரம் ஓடவே இல்லை.

மாதத்துக்கு நிற்கும் லாபம் சுமார் 40,000 ரூபாய். வாடகை 14,000, கரண்ட் 4,500, கடைப் பையனுக்கு 12,000 போக என் கையில் நிற்பது 10,000 கூட இல்லை. இதற்கா 4,75,000 ரூபாய் குட்வில்?

கடை வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதுகிறேன் என்று இரண்டு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் போய் உட்காருங்கள். பில்லை ரூபாயில் மட்டும் கூட்டாமல் மூட்டையிலும் டின்னிலும் எண்ணுங்கள். பின்பக்கக் கையெழுத்தைப் பாருங்கள். இரண்டு தேதிச் சரக்கு இருப்பு இல்லாமல் கொள்முதல் பில்லை நம்பாதீர்கள். ஃபோனில் வரும் பணம் மனைவி கணக்குக்குப் போகிறது, காட்ட முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். தினசரி விற்பனை இவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுத மறுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நேற்று இரவு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே புரோக்கரின் எண்ணில், வேறொரு பகுதியில், இன்னொரு மளிகைக் கடை விற்பனைக்கு வந்திருக்கிறது. தினசரி விற்பனை 20,000 ரூபாய் என்றுதான் அதிலும் போட்டிருக்கிறார்கள்.