கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டு வீடியோவ எடிட் பண்ண காசு கொடுக்கப் போறவங்க இதப் படிச்சுட்டு கொடுங்க

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் எங்கப்பா கட்டின வீட்ட விக்கிறோம். விசாரிக்கிறவங்க பாதிப்பேர் பெங்களூர்ல இருக்காங்க, ஒவ்வொருத்தரும் நேர்ல வந்து பாக்க முடியாதுன்னு போன மாசம் நானே கேட்ல ஆரம்பிச்சு மொட்டமாடி வரைக்கும் நடந்துகிட்டே போன்ல ஒரு வீடியோ எடுத்தேன், மூணே முக்கால் நிமிஷம். எடுத்து முடிச்சு பாத்தா ரெண்டு குறை. ஹால்ல சுவரு, கதவு நிலை எல்லாம் மேல போகப் போக உள்பக்கமா சாயுது, கோபுரம் மாதிரி. அப்புறம் வெளிச்சம். ஹால்ல நல்லாருக்கு, பால்கனி பக்கம் திரும்பினா உள்ள எல்லாம் இருண்டு போகுது, அங்கிருந்து பெட்ரூமுக்குள்ள போனா ரெண்டு செகண்டு கும்மிருட்டு, அப்புறம்தான் மெதுவா தெளியுது.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு எடிட்டர் கிடைச்சாரு. "ஃப்ரேம் ஃப்ரேமா கையாலயே நிமித்தித் தரேன்ணா, வெளிச்சமும் ஒரே மாதிரி வந்துரும்"னாரு. அஞ்சாயிரம் பேசி பாதி அட்வான்ஸ் வாங்கிட்டு, வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்பிருங்கன்னாரு, நானும் சும்மா வீடியோவாவே அனுப்பிட்டேன். மறுநாளே முடிஞ்சிருச்சுன்னு திருப்பி அனுப்பினாரு. முதல் அரை நிமிஷம் பாத்தேன், ஹால்ல நிலை ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா நிக்குது, சந்தோஷமா மீதிப் பணத்த போட்டுவிட்டுட்டு அப்படியே பெங்களூர்க்காரர் ஒருத்தருக்கு அனுப்பிட்டேன்.

சாயங்காலம் அவர் போன் பண்ணி கேட்ட முதல் கேள்வி, "கிச்சன் பக்கத்து சுவரு சாஞ்சிருக்கே சார், ஃபவுண்டேஷன் எறங்கிருச்சா?" எனக்கு பகீர்னு ஆயிருச்சு. அந்த சுவருக்கு ஒரு விரிசல் கூட கிடையாது.

அக்கா பையன் வீடியோ எடிட்டிங் தெரிஞ்சவன், அவன்கிட்ட ரெண்டு வீடியோவையும் கொடுத்தேன். டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒரிஜினல கீழயும் எடிட் பண்ணினத மேலயும் வெச்சு, மேல இருக்கிறத பாதி மங்கலாக்கிட்டு அங்கங்க நிறுத்திக் காட்டினான். ஹால், கிச்சன், மாடிப்படி எங்க நிறுத்தினாலும் நாலு மூலையும் ஒரே அளவுக்குத்தான் நகந்திருக்கு. அதாவது ஹால்ல ஒரே ஒரு ஃப்ரேம பாத்து ஒரு அளவு வெச்சு, அதையே முழு வீடியோவுக்கும் போட்டு விட்டிருக்காரு. ஃப்ரேம் ஃப்ரேமாவும் பண்ணல, கையாலயும் பண்ணல.

இதுல என்ன தப்புன்னு அவன் சொன்னப்பதான் புரிஞ்சுது. போன அண்ணாந்து பிடிச்சா செங்குத்துக் கோடெல்லாம் மேல போகப் போக நெருங்கும், குனிஞ்சு பிடிச்சா கீழ போகப் போக நெருங்கும். ஹால்ல சீலிங் தெரியணும்னு நான் போன லேசா அண்ணாந்து பிடிச்சிருந்தேன், அதனால அவர் போட்ட அளவு அங்க கரெக்ட். கிச்சன்ல கிரானைட் மேடையக் காட்டணும்னு கீழ சாச்சு பிடிச்சேன், அங்க சாய்வே எதிர்ப்பக்கம். அதுக்கு மேல ஹாலோட அளவும் சேந்தா சாய்வு குறையுமா? இருந்தது இன்னும் கூடத்தான் செய்யும், அப்படித்தான் கூடிருக்கு. ஒரிஜினல்ல கண்ணுக்கே தெரியாம இருந்த சாய்வ இவர் காசு வாங்கிட்டு பெருசாக்கி வெச்சிருக்காரு.

நடந்துகிட்டே எடுத்த வீடியோன்னா கை சாயுற இடத்துலயெல்லாம் அளவும் மாறணும். ரிசால்வ்ல படத்த முன்னாடி பின்னாடி சாய்க்கிறதுக்கு `Pitch`னு ஒண்ணு இருக்கு, கை சாய்வு மாறுற ஒவ்வொரு இடத்துலயும் அதுக்கு கீஃப்ரேம் வெக்கணும், அதாவது இந்த நொடியில இந்த அளவுன்னு குறிச்சு வெக்கணும். எங்க வீட்டுக்கு ஹால்ல அது ஒரு பக்கம் போச்சுன்னா கிச்சன்ல பூஜ்யத்தத் தாண்டி எதிர்ப்பக்கம் போகுது. கோணத்த மாத்தினா ஓரத்துல கருப்பு வரும், அத மறைக்க `Zoom` ஏத்தணும், அப்ப ஓரத்துல இருக்கிற படம் கொஞ்சம் வெட்டுப்படும், தெளிவும் குறையும். அதனாலதான் 4K-ல எடுத்து 1080-ல கொடுக்கச் சொல்றாங்க, வெட்டுறதுக்கு இடம் இருக்கும். இன்னொரு விஷயம், 0.5 லென்ஸ்ல எடுத்து ஓரத்துக் கோடு வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா அது வேற நோய், `Pitch` அத தொடாது.

உங்களுக்கு யாராச்சும் இப்படி எடிட் பண்ணிக் கொடுத்தா பணத்த போடுறதுக்கு முன்னாடி லேப்டாப்ல போட்டு நாலஞ்சு இடத்துல நிறுத்துங்க, முக்கியமா கிச்சன், பாத்ரூம், மாடிப்படி. ஒரு பேப்பரோட நேரான விளிம்ப கதவு நிலை மேல வெச்சுப் பாருங்க, படத்தோட இடது ஓரத்துல இருக்கிற நிலைக்கும் வலது ஓரத்துல இருக்கிற நிலைக்கும் ரெண்டுக்கும் வெக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சிருந்தா போன் பக்கவாட்டுல சாஞ்சிருக்குன்னு அர்த்தம், படத்த லேசா சுத்தினா சரியாயிரும். ஒண்ணுக்கொண்ணு எதிரா சாஞ்சிருந்தாத்தான் நான் சொல்ற இந்தக் குறை.

வெளிச்சத்துக்கும் அதே கததான். மொத்த வீடியோவுக்கும் பிரைட்னஸ ஏத்திவிட்டிருக்காரு, பெட்ரூம் தெரியுது, ஆனா ஜன்னல் வெள்ளப் பேப்பர் ஒட்டின மாதிரி ஆயிருச்சு, வெளிய இருந்த தென்னமரமே காணோம். போன் தானா வெளிச்சத்த மாத்தினதால வந்த குறை இது, அது எங்கெங்க மாத்துச்சோ அங்கங்க கீஃப்ரேம் வெச்சு எதிர்ப்பக்கம் இழுக்கணும். அக்கா பையன் வெளிச்சத்த கிராஃபா காட்டுற வேவ்ஃபார்ம்ல காட்டினான், ஹால் சுவரும் பெட்ரூம் சுவரும் ஒரே வெள்ள பெயின்ட்தான், ஆனா கிராஃப்ல ஒண்ணு பாதிக்கு மேல, இன்னொண்ணு அடிமட்டத்துல. ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு கொண்டு வரதுதான் வேல. ஆனா அவனாலயும் முழுசா முடியல. எடுக்கும்போதே வெளுத்துப்போன ஜன்னல்ல உள்ள படமே பதிவாகியிருக்காது, அத எந்த எடிட்டராலயும் கொண்டு வர முடியாது, முடியும்னு சொன்னா நம்பாதீங்க. இருட்டு மூலைய ஏத்தினா கட்டம் கட்டமா உடையுது, வாட்ஸ்அப்ல சுருங்கிப்போன ஃபைல் அது. நான் வேற இடம் பத்தலன்னு போன்ல இருந்த ஒரிஜினல அழிச்சுட்டேன். தயவுசெஞ்சு அழிச்சுராதீங்க, அனுப்புறதா இருந்தா டாக்குமெண்டா அனுப்புங்க, இல்ல டிரைவ்ல போட்டு லிங்க் கொடுங்க.

எடிட்டருக்கு போன் போட்டேன். "தம்பி, கிச்சன்ல சாய்வு கூடிருக்கே, நீ ஹால்ல வெச்ச அளவையே எல்லாத்துக்கும் போட்டுருக்க"ன்னேன். "போன்ல எடுத்தா அப்படித்தாண்ணா இருக்கும், நல்ல கேமராவுல எடுத்துட்டு வாங்க"ன்னுட்டாரு. போன் குத்தமே கிடையாது, எவ்வளவு பெரிய கேமராவ சாச்சாலும் கோடு சாயத்தான் செய்யும். பாதிப் பணமாச்சும் கொடுன்னேன், அதுக்கப்புறம் போன எடுக்கவே இல்ல.

போன ஞாயித்துக்கெழம நானும் அக்கா பையனும் திரும்ப எடுத்தோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வெளிய வெயில் எறங்கினதுக்கப்புறம், உள்ள எல்லா லைட்டையும் போட்டு. ஒரே ஓட்டமா எடுக்காம ரூம் ரூமா தனித்தனி கிளிப்பு, ஒவ்வொரு ரூம்லயும் போன் ஸ்கிரீன்ல சுவர் தெரியுற இடத்த அழுத்திப் பிடிச்சு, வெளிச்சமும் ஃபோகஸும் தானா மாறாதுங்கிறதுக்கு `AE/AF LOCK`னு வந்ததுக்கப்புறம் ரெக்கார்டு. போன நெஞ்சு உயரத்துல நேரா பிடிச்சு கிரிட் கோட்ட கதவு நிலையோட சேத்துகிட்டான், கிரானைட் மேடையக் காட்ட போன சாய்க்காம முட்டிய மடக்கி அப்படியே கீழ எறங்கினான். நிமித்துற வேலைன்னு பாத்தா மாடிப்படில மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டான்.

அதே பெங்களூர்க்காரருக்கு அத அனுப்பினேன். இந்தத் தடவ சுவரப் பத்தி எதுவும் கேக்கல, போர் எத்தன அடின்னு கேட்டாரு.