வேல் பச்சை: மேல்கையா, முன்கையா?

வேல் பச்சை குத்திக்கொள்வது என்று முடிவானதும் இரண்டு இடங்கள்தான் மிஞ்சின: மேல்கையின் வெளிப்பக்கம், முன்கையின் உட்பக்கம். நான் முன்கையில் குத்திக்கொண்டேன். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

மேல்கைக்கு வலி குறைவு, இடம் தாராளம். வேலைக்குப் போனால் சட்டைக்கை மறைத்துவிடும். இங்கே மொரீசியஸில் தைப்பூசத்துக்கு வெற்றுடம்போடு காவடி எடுக்கும்போது நன்றாகத் தெரியும். ஒரே பயம், தோளை ஒட்டிய தோலில் காயம் கெலாய்ட் என்ற தடித்த தழும்பாகப் புடைக்கும் வாய்ப்பு கூடுதல். கறுத்த தோலில் அது இன்னும் கூடுதல்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தோலின் நிறம். மை மேல்தோலுக்கு அடியில் தங்குகிறது. நிறமியோ மேலே இருக்கிறது. அதாவது பச்சையை நாம் பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். வேலின் நடுவே வைக்கும் மஞ்சள், இலையின் மெல்லிய சாம்பல் நிழல் எல்லாம் அந்தப் பழுப்பில் கரைந்துவிடும். முன்கையின் உட்பக்கம் வெயில் குறைவாகப் படுவதால் ஒரு படி வெளுப்பு. அந்த ஒரு படியே போதும்.

இதைப் படத்திலேயே பார்க்கலாம். ஃபிளாஷ் போடாமல், நிழலில் நின்று, இரண்டு இடங்களும் தெரிய ஒரு படம் எடுங்கள். வேல் ஓவியத்தை அந்தப் படத்தில் இரு இடத்திலும் ஒட்டிவைத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். என் படத்தில் மேல்கையில் இருந்த சாம்பல் நிழல் தோலோடு ஒன்றாகிவிட்டது. முன்கையில் தனியாக நின்றது. ஃபிளாஷ் போட்டால் தோல் வெளுத்து, இந்த வித்தியாசமே தெரியாது.

அளவுக்கும் படம் உதவும், ஆனால் கிட்டே வைத்து எடுக்கக்கூடாது. ஃபோனுக்கு அருகில் இருக்கும் பகுதி பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி, வேறொருவர் ஜூம் செய்து எடுக்கட்டும். கை தொங்கும் நிலையிலும் ஒன்று வேண்டும். உள்ளங்கையைத் திருப்பினால் மணிக்கட்டுப் பக்கம் நிறையவே திரும்பும், முழங்கைப் பக்கம் அவ்வளவாகத் திரும்பாது. அதனால் இலைப்பகுதி முழங்கைப் பக்கமும் தண்டு மணிக்கட்டை நோக்கியும் இருக்கட்டும். கையும் அங்கேதான் அகலம், வேலும் அங்கேதான் அகலம். எதிரே தெரியும் கை அகலம் 8 செ.மீ. என்றால் இலை 5 செ.மீ. தாண்டவேண்டாம். தாண்டினால் ஓரங்கள் வளைந்து மறைந்து, வேல் குச்சியாகிவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் முதலில் மருதாணியில் போட்டுப் பாருங்கள். இடமும் அளவும் சரியா என்று அது காட்டிவிடும். நிறத்துக்கு அதை நம்பவேண்டாம். மருதாணி உள்ளங்கையின் தடித்த தோலில்தான் ஆழச் சிவக்கும், முன்கையில் வெளிறித்தான் நிற்கும்.

மேல்கையில் நான் பார்த்தவை பெரும்பாலும் நண்பர்களுடையவை, எல்லாம் தடித்த கறுப்புக் கோடுகள். உங்கள் வேலும் நிழலோ நிறமோ இல்லாமல் அப்படித் தடித்ததாக இருந்தால், நான் சொன்ன நிறக் கணக்கு அவ்வளவு பொருந்தாது, மேல்கையையே எடுத்துக்கொள்ளலாம்.