டாலரை டாலராகவே வைப்பதா, வந்தவுடன் மாற்றிவிடுவதா?

கையால் செய்த வெள்ளி மோதிரங்களை இணையத்தில் விற்கிறேன். வாங்குபவர்கள் டாலர், பவுண்டு, யூரோ என்று பல நாணயங்களில் பணம் கட்டுகிறார்கள். என் கணக்கு வழக்கு யூரோவில். முதல் ஒன்றரை வருடம், வாங்குபவரிடம் பணம் வசூலித்துத் தரும் கேட்வேயே எல்லாவற்றையும் யூரோவாக மாற்றி வங்கிக்கு அனுப்பியது. இப்போது டாலரையும் பவுண்டையும் அப்படியே செட்டில் செய்யச் சொல்லி, வேண்டியபோது நானே மாற்றுகிறேன். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான்.

விலையை யூரோவில் மட்டும் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனையும் உண்டு. அப்போது மாற்றுச் செலவு வாங்குபவரின் கார்டு தலையில் விழும். கடைசியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியாமல் அவர் தயங்குவார். அதை விட்டுவிடுவோம்.

தானாக மாற்றித் தரும் வழியில் வசதி நிறைய. ஒரே நாணயம், ஒரே வங்கிக் கணக்கு, கணக்கு எழுதுவதும் சுலபம். ஆனால் மாற்றுக் கட்டணம் பல இடங்களில் தனி வரியாக வராது, மாற்று விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. செட்டில்மென்ட் அறிக்கையில் ஒரு விற்பனையை எடுங்கள். பரிவர்த்தனைக் கட்டணம் கழிப்பதற்கு முன் கிடைத்த யூரோ தொகையை டாலர் தொகையால் வகுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் ஒரு குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. அது ஒரு யூரோவுக்கு எத்தனை டாலர் என்று இருக்கும். அதே நாளின் விகிதத்தை எடுத்து, 1-ஐ அதால் வகுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அது 0.90 ஆக இருந்து, உங்களுக்கு 100 டாலருக்கு 88.20 யூரோ வந்திருந்தால் 2 சதவீதம் போயிருக்கிறது. ஒரே நாளிலும் விகிதம் கொஞ்சம் ஆடும் என்பதால், நாலைந்து விற்பனைகளைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

ஒரு முறை 2 சதவீதம் என்றால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனதை மாற்றியது ரீஃபண்ட்.

மோதிர வியாபாரத்தில் அளவு சரியில்லை என்று திரும்பி வருவது சகஜம். 100 டாலர் மோதிரம் ஒன்று விற்று, 88.20 யூரோ கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார். அவருக்கு முழுதாக 100 டாலர் போயாக வேண்டும். கையில் டாலர் இல்லை, யூரோ கொடுத்து வாங்க வேண்டும். சந்தை விகிதம் அசையாமல் 0.90-லேயே இருந்தாலும், மறுபடி 2 சதவீதம் சேர்ந்து 91.80 யூரோ பிடிக்கும். மோதிரம் பெட்டிக்கே திரும்பிவிட்டது, 3.60 யூரோ போய்விட்டது. இடையில் டாலர் ஏறி விகிதம் 0.92 ஆகியிருந்தால் பிடிப்பது 93.84, நஷ்டம் 5.64. திரும்பக் கிடைக்காத பரிவர்த்தனைக் கட்டணம் இதில் சேரவில்லை. அது இரண்டு வழியிலும் போவதுதான்.

டாலர் டாலராகவே இருந்தால்? 100 வந்தது, 100 போனது. மாற்றமே நடக்கவில்லை. விளம்பரத்துக்கும் கடை மென்பொருளுக்கும் டாலரில் பில் கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். டாலரை விற்று யூரோ வாங்கி, அந்த யூரோவை விற்று மறுபடி டாலர் வாங்கி, இரண்டு முறை சுங்கம் கட்ட வேண்டியதில்லை.

சரி, இந்த வழியில் என்ன சிக்கல்? நான் முதல் மாதமே ஒன்றில் மாட்டினேன். கேட்வேயில் டாலர் செட்டில்மென்ட் என்று மாற்றிவிட்டு, பழைய யூரோ வங்கிக் கணக்கையே விட்டுவைத்தேன். வங்கி தன் விகிதத்தில் மாற்றி வரவு வைத்தது. அது கேட்வே விகிதத்தைவிட மோசம். டாலரை டாலராகவே வாங்கிக்கொள்ளும் கணக்கு ஒன்று முதலில் வேண்டும். சில நாடுகளில் விற்பவர் வெளிநாட்டு நாணயத்தைக் கையில் வைத்திருக்கவே கட்டுப்பாடு உண்டு. அங்கே இந்த வழி நடக்காது. அப்புறம், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மாற்று விகித லாப நஷ்டத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கும்.

அளவும் முக்கியம். கணக்குக்கு மாதம் 5 யூரோ கட்டணம், நானே மாற்றினால் அரை சதவீதம் செலவு. அதாவது மிச்சம் ஒன்றரை சதவீதம். மாதம் சுமார் 333 யூரோ மதிப்புக்கு டாலர் விற்பனை இருந்தால்தான் கட்டணமே ஈடாகும். கனடா டாலரில் எனக்கு மாதம் இரண்டு மூன்று ஆர்டர்தான், அதைத் தானாக மாற்றவே விட்டிருக்கிறேன்.

என் அனுபவம் டாலர், பவுண்டு வரைதான். ஒரே மாதத்தில் பத்து சதவீதம் சரியக்கூடிய நாணயத்தில் விற்பவருக்கு இதையே சொல்ல மாட்டேன். அங்கே கையில் வைத்திருப்பதே ஆபத்து.

நான் டாலர் இருப்பை மொத்தமாக வழித்து எடுப்பதில்லை. இருப்பு காலியானால் ரீஃபண்ட் நிலுவையில் நின்று, வாடிக்கையாளர் காத்திருக்க நேரிடும். ஒரு மாத ரீஃபண்டுக்கும் டாலர் பில்களுக்கும் போதுமான அளவை விட்டுவிட்டு, மீதியை மாதத்தின் முதல் வேலை நாளில் மாற்றிவிடுகிறேன்.